சுகர் இறங்குவது உடம்புக்குத் தெரியாமல் போய்விட்டால், அந்த உணர்வு திரும்ப வருமா?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. 17 வயதிலிருந்து டைப் 1, இன்சுலின் போடுகிறார். கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. முன்பெல்லாம் சுகர் இறங்கினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், அவரே சர்க்கரை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். ஒரு வருடமாக அவருக்கு எதுவுமே தெரிவதில்லை. போன வாரம் மிஷின் 46 காட்டுகிறது, இவர் உட்கார்ந்து பையனுக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். நரம்பு செத்துப்போச்சு, இனி அப்படித்தான் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். உண்மையா? திரும்ப வரவே வராதா?

பதில்:

பெரும்பாலும் திரும்ப வரும். சில வாரங்களிலேயே வரத் தொடங்கும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அந்தச் சில வாரங்களில் அவருக்கு சுகர் இறங்கவே கூடாது. பகலில் மட்டுமல்ல, தூக்கத்திலும்.

நான் டாக்டர் இல்லை. நீரிழிவு ஆலோசகராகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் 19 வருடமாக இன்சுலின் போடுகிறவர்களோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். "நரம்பு செத்துப்போச்சு" என்ற வாக்கியத்தை எத்தனையோ பேர் என் முன்னால் சொல்லி அழுதிருக்கிறார்கள். நீண்டகால நீரிழிவில் நரம்பு பாதிக்கப்படுவது உண்மைதான். ஆனால் அறிகுறி தெரியாமல் போவதற்கு அதுதான் முக்கியக் காரணம் என்பது பழைய எண்ணம். நரம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கும் இது வருகிறது. காரணம் வேறு.

சுகர் இறங்கினால் உடம்பு மூன்று காவல்களை வைத்திருக்கிறது. 80க்கு அருகே வரும்போதே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். இன்னும் இறங்கி 70க்குக் கீழே போகும்போது குளுக்ககான் என்ற ஹார்மோன் சுரந்து, கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடும். அதோடு சேர்ந்து அட்ரினலினும் கிளம்பும். 60க்கும் 55க்கும் நடுவில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது, பசி வயிற்றைப் பிசைகிறது என்று நமக்குத் தெரிகிறதெல்லாம் அந்த மூன்றாவது காவல் எழுப்பும் சத்தம். 50க்குக் கீழே போனால் மூளையே தடுமாறத் தொடங்கும். பேச்சு குழறும், கோபம் வரும், கணக்கு தப்பும்.

உங்கள் கணவருக்கு முதல் காவல் கிடையாது. ஊசியில் போட்ட இன்சுலினை உடம்பால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டாவதும் போயிருக்கும். டைப் 1 வந்த ஐந்தாறு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு, சுகர் இறங்கும்போது குளுக்ககான் சுரப்பது நின்றுவிடுகிறது. ஆக அதற்குப் பிறகு அவரைக் காப்பாற்றி வந்தது மூன்றாவது காவல் மட்டும்தான். இப்போது அது மௌனமாகிவிட்டது. ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1991இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் சைமன் ஹெல்லர், ஃபிலிப் கிரையர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நீரிழிவே இல்லாத, ஆரோக்கியமான ஆட்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் பிற்பகலில் அவர்களுடைய சுகரை 50 அளவுக்கு இறக்கிப் பிறகு சரிசெய்தார்கள். மறுநாள் காலை திரும்பவும் இறக்கிப் பார்த்தார்கள். முந்தின நாள் ஒருமுறை இறங்கியிருந்த காரணத்தாலேயே, இரண்டாவது முறை அட்ரினலின் குறைவாகச் சுரந்தது, அறிகுறியும் குறைவாகத் தெரிந்தது. ஒரே ஒரு தடவை! அதுவும் நரம்புக்கோ கணையத்துக்கோ எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கு. பிறகு டைப் 1 உள்ளவர்களிடமும் இதையே காட்டினார்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், முதல் வாரம் ஒவ்வொரு ரயிலுக்கும் தூக்கம் கலையும். இரண்டு மாதத்தில் ரயில் போவதே தெரியாது. காது கெட்டுப்போகவில்லை, சத்தமும் குறையவில்லை. மூளை அதைச் சாதாரணம் என்று முடிவு கட்டிவிட்டது. சுகர் அடிக்கடி இறங்குகிறவருக்கும் நடப்பது ஏறத்தாழ இதுதான். முன்பு 60இல் அடித்த மணி 55இல் அடிக்கிறது. அப்புறம் 48, அப்புறம் 42. ஒரு கட்டத்தில் மணி அடிக்க வேண்டிய இடம், மூளை மங்குகிற இடத்துக்கும் கீழே போய்விடும். அதற்குப் பிறகு மணி அடித்தாலும் அதைக் கேட்டு எழுந்து சர்க்கரை எடுக்கும் நிலையில் ஆள் இருப்பதில்லை. உங்கள் கணவர் 46இல் ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்தார் என்றால் அவர் இந்த எல்லையில்தான் நிற்கிறார்.

இதில் ஒரு சுழற்சி இருக்கிறது. சுகர் இறங்கினால் அறிகுறி மங்குகிறது. அறிகுறி மங்கியதால் அடுத்த முறை இன்னும் ஆழமாக, இன்னும் அதிக நேரம் இறங்குகிறது. அதனால் அறிகுறி மேலும் மங்குகிறது. அந்த ரயில்பாதை வீட்டுக்காரர் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் என்ன ஆகும்? வந்த முதல் இரவே ரயில் சத்தம் எழுப்பிவிடும். சுழற்சியை எங்கே வெட்டலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

1993, 94இல் இத்தாலி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று மூன்று இடங்களில் இதைச் செய்து காட்டினார்கள். அறிகுறி போனவர்களுக்கு சுகர் இறங்காதபடி இன்சுலினை மாற்றி அமைத்து, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை கவனித்தார்கள். அறிகுறி திரும்பியது. இங்கிலாந்து ஆய்வில் இருந்தவர்கள் பல ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்பவர்கள், அவர்களுக்கும் திரும்பியது. பிறகு 2014இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 96 பேரை 24 வாரம் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு உடம்பில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுகரைக் காட்டும் சென்சார், பாதிப் பேருக்கு விரலில் குத்திப் பார்க்கும் மிஷின். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு முன்னேறினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சென்சார் வாங்க வசதியில்லை, அதனால் எங்களுக்கு வழியில்லை என்று நினைக்கிறவர்கள் நிறைய. விரல் குத்திப் பார்த்தும் மீளலாம்.

எப்படி மீள்கிறார்கள் என்பதை ஒருவரை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறேன்.

அக்காவுக்கு அப்போது 43 வயது. கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் விற்கிறவர். 22 வயதிலிருந்து இன்சுலின். காலையும் இரவும் கலப்பு இன்சுலின், அதாவது வேகமாக வேலை செய்வது 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு கலந்தது. காலை 24 யூனிட், இரவு 18. அவரை என்னிடம் கூட்டிவந்தது அவர் மகள். ஏலத்தில் 600 ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் 1,600 எண்ணிக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்து, "நான் எப்போ உட்கார்ந்தேன்?" என்று கேட்டாராம்.

அவர் நோட்டில் சுகர் அளவு ஒழுங்காக எழுதியிருந்தது. எல்லாம் காலை ஏழு மணிக்கு எடுத்தது. 170, 190, 185. வெறும் வயிற்றில் இவ்வளவு இருக்கிறதே என்று, இரவு ஊசியை 14லிருந்து 18 ஆக்கியிருந்தார்கள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? இரண்டரைக்கு. எழுந்ததும்? நாலு மணிக்குத் துறைமுகத்தில் சர்க்கரை போட்ட டீ, இரண்டு பன். ஆக ஏழு மணிக்குப் பார்த்தது வெறும் வயிற்று அளவே இல்லை, டீயும் பன்னும் காட்டிய அளவு. இரவு எட்டு மணிக்குப் போட்ட கலப்பு ஊசியில் இருக்கும் மெதுவான பங்கு உச்சத்துக்கு வருவது நள்ளிரவுக்கு மேல். அந்த நேரத்தில் அவர் சுகர் என்ன என்று 21 வருடத்தில் யாரும் பார்த்ததே இல்லை.

ஐந்து நாள் இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 51, 44, 68, 39, 58. 39 வந்த இரவு மகள்தான் விரலைக் குத்தியிருக்கிறாள். "அம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "நல்லாத்தானே இருக்கேன், தூங்கு" என்று பதில் வந்திருக்கிறது. ஆனால் தலையணை உறை ஈரமாக இருந்தது. வியர்வை வந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை.

அறிகுறி போனவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்த இரவைத்தான். தூக்கத்தில் அட்ரினலின் சுரப்பு இயல்பாகவே குறைவு. ஆகவே இறங்கினாலும் விழிப்பு வராது, இறங்கியது யாருக்கும் தெரியாது. ஆனால் மூளைக்குத் தெரியும், மறுநாள் மணியை அது இன்னும் கீழே இறக்கி வைத்துவிடும். பகலில் சுகர் இறங்குவதை மட்டும் எண்ணிக்கொண்டு, "மாசத்துக்கு ரெண்டு தடவைதான் இறங்குது" என்று சொல்கிறவருக்கு இரவில் வாரம் நாலு தடவை இறங்கிக்கொண்டிருக்கலாம். காலையில் தலைவலி, கலைந்த கனவு, நனைந்த பனியன், எழுந்ததும் அடித்துப்போட்ட மாதிரி அசதி: இதெல்லாம் இருந்தால் சந்தேகப்படுங்கள். இல்லாவிட்டாலும் பாருங்கள்.

அக்காவிடம் இன்னொன்றும் இருந்தது. தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் ஊசி போட்டிருந்தார். அங்கே வலிக்காதாம். தடவிப் பார்த்தால் தோலுக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு மெத்தென்று ஒரு மேடு. அந்தக் கொழுப்பு மேட்டிலிருந்து இன்சுலின் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. இடத்தை மாற்றியாக வேண்டும். ஆனால் இதில் ஆபத்தும் இருக்கிறது: மேட்டில் போட்டுப் பழகிய அதே அளவை நல்ல இடத்தில் போட்டால் முழுதும் ஏறி, சுகர் சட்டென்று விழும். இடம் மாற்றுகிற அன்றே அளவையும் குறைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் "இடத்தை மாத்துங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது தவறு.

டாக்டர் செய்த மாற்றம் இது. கலப்பு இன்சுலினை நிறுத்தினார். நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக வேலை செய்யும் இன்சுலின் காலையில் 16 யூனிட், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன் சாதாரண இன்சுலின் ஆறாறு யூனிட். ஒரு நாளுக்கு 42 யூனிட் போட்டுக்கொண்டிருந்தவருக்கு 34. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. (இந்த எண்கள் அவருக்கானவை. உங்கள் கணவருக்கு எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) அதோடு சில விதிகள். சாப்பாட்டுக்கு முன் 100க்கும் 160க்கும் நடுவில் இருந்தால் போதும். படுக்கும்போது 120க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். எப்போது பார்த்தாலும் 80க்குக் கீழே இருந்தால், அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, உடனே சர்க்கரை. வழக்கமாக 70 என்று சொல்வோம். மணி அடிக்காதவருக்கு 80 வைத்துக்கொள்வது நல்லது, மிஷினும் கொஞ்சம் முன்பின் காட்டும். முதல் இரண்டு வாரம் இரவு இரண்டு மணிக்குத் தினமும் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு இது எளிதாக இல்லை. 21 வருடமாக "சுகரைக் குறை, குறை" என்றே கேட்டவருக்கு 190ஐப் பார்த்துச் சும்மா இருப்பது கஷ்டம். ஐந்தாம் நாள் 240 காட்டியதும் யாரையும் கேட்காமல் கூடுதலாக நாலு யூனிட் போட்டுக்கொண்டார். மூன்று மணி நேரத்தில் 66. அன்றோடு, சுகர் இறங்காத நாட்களின் கணக்கை முதல் நாளிலிருந்து திரும்பத் தொடங்கினோம். அந்த ஐந்தாம் நாள்தான் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. சுகர் ஏறுவது மெதுவாக, வருடக்கணக்கில் கெடுதல் செய்யும். மூன்று வாரம் 180இல் இருப்பதால் கண்ணோ சிறுநீரகமோ போய்விடாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு 39 என்பது அந்த ஒரே இரவில் உயிரை எடுக்கலாம். இரண்டு பயத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று சொன்னேன்.

19ஆம் நாள் அவரே போன் செய்தார். ஏலத்தில் நிற்கும்போது உதட்டைச் சுற்றி எறும்பு ஊருகிற மாதிரி இருந்ததாம், சட்டென்று பசி எடுத்ததாம். மிஷினை எடுத்துப் பார்த்தால் 61. "ரொம்ப நாள் ஆச்சும்மா இப்படி இருந்து" என்றார். நடுக்கமும் படபடப்பும் வர இன்னும் ஒரு மாதம் ஆனது. முதலில் திரும்புவது பழைய அறிகுறியாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. சிலருக்குக் கண் முன்னால் மங்கும், சிலருக்கு விரல் நுனி மரக்கும், ஒருவர் "நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு" என்பார். எதுவாக இருந்தாலும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதம் கழித்து, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தோம். முன்பு 7.1, இப்போது 7.4. அக்காவின் முகம் வாடிவிட்டது. ஆனால் பழைய 7.1 நல்ல 7.1 அல்ல. அது சராசரி. இரவில் 40, பகலில் 250 என்று ஆடினால் சராசரி அழகாகத்தான் வரும். ஆழத்தை எடுத்துவிட்ட பிறகு வந்த 7.4 அதைவிட நல்ல எண்.

அதற்கடுத்த மாசி மகத்தன்று விரதம் இருந்தார். சாப்பாட்டு ஊசியை விட்டார், சரி. ஆனால் காலை ஊசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமி தீர்த்தவாரி பார்க்க வெயிலில் நடந்தே போனார். அன்று ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை சுகர் இறங்கியது. அந்த வாரம் முழுக்க அறிகுறி திரும்பவும் மங்கிவிட்டது. பத்து நாள் ஒழுங்காக இருந்ததும் வந்தது. ஆகவே இது ஒருமுறை சரிசெய்து மறந்துவிடுகிற காரியம் இல்லை. எப்போதெல்லாம் இறங்குகிறதோ, அதற்குப் பிறகு சில நாள் மணி மங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு அடிக்கடி பார்க்க வேண்டும்.

எல்லாம் முழுதாகத் திரும்புமா என்றால், இல்லை. குளுக்ககான் திரும்ப வராது. அட்ரினலின் ஓரளவு திரும்பும், பழைய அளவுக்கு வராமலும் போகலாம். நன்றாகத் திரும்புவது உணர்வுதான், நமக்கு வேண்டியதும் முதலில் அதுதான். நீரிழிவு நாள்பட்டதாக இருந்தால், நரம்புப் பாதிப்பும் கூட இருந்தால், மெதுவாக, கொஞ்சமாக வரும். பிபிக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும், வியர்வை மட்டும் மறையாது. அவர் அப்படி ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மதுவையும் கேட்டே ஆக வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி எவ்வளவு பக்கம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மது, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கும், அறிகுறியையும் மழுக்கும். மாலையில் குடித்தால் மறுநாள் காலை வரை ஆபத்து இருக்கும். உணர்வு திரும்பும் வரையாவது தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

முதலில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். சுகர் இறங்கத் தொடங்கும்போது உனக்குத் தெரிகிறதா? எப்போதும் தெரியும் என்றால் 1, ஒருபோதும் தெரியாது என்றால் 7. எடின்பரோவில் உருவான அளவுகோல் இது. 4 அல்லது அதற்கு மேல் சொன்னால் உணர்வு மங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். நீங்களும் தனியாக உங்கள் பார்வையில் ஒரு எண் எழுதுங்கள். பல வீடுகளில் கணவர் 3 என்பார், மனைவி 6 என்பார். மனைவி சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம் அந்த ஷிப்ட். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும் நாளில் அவருடைய "இரவு இரண்டு மணி" என்பது பகல் பதினொன்றாக இருக்கலாம். கடிகாரத்தைப் பார்க்காமல், படுத்த நேரத்திலிருந்து நாலைந்து மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஷிப்ட் மாறும் முதல் இரண்டு நாளைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஊசி நேரமும் சாப்பாட்டு நேரமும் ஒன்றுக்கொன்று விலகிப்போவது அப்போதுதான். சனி ஞாயிறு கிரிக்கெட், வீட்டில் மூட்டை தூக்குவது மாதிரி உடம்பு அலுக்கும் வேலை இருந்தால், அன்று இரவும் பாருங்கள். உழைத்த தசை மறுநாள் வரை சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். வசதி இருந்தால், இரண்டு வாரம் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ஒன்று மட்டுமாவது போட்டுப் பாருங்கள், அதன் அலாரத்தை 80இல் வையுங்கள். அது விரல் அளவைவிடச் சில நிமிடம் பின்தங்கிக் காட்டும், அதனால்தான் 80.

உணர்வு திரும்பும் வரை அவர் பைக் ஓட்டக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சிப்காட் சாலையில் லாரிகளுக்கு நடுவே 46 என்ற எண்ணை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கம்பெனி பஸ் இருந்தால் அதில் போகட்டும். பிறகு ஓட்டத் தொடங்கும்போதும், வண்டியை எடுக்கும் முன் பார்த்து 90க்கு மேல் இருந்தால்தான் சாவியைத் தொட வேண்டும். ஒருமுறை இறங்கிச் சரியானாலும் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஓட்ட வேண்டும். எண் ஏறிவிடும், ஆனால் மூளை தெளிய இன்னும் நேரம் எடுக்கும்.

இறங்கியிருக்கும்போது அவரிடம் "சர்க்கரை வேணுமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்பார், தட்டிவிடுவார், சில சமயம் திட்டுவார். அது அவர் பேசுவதில்லை, சர்க்கரை இல்லாத மூளை பேசுகிறது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கையில் கொடுத்து, "குடிங்க" என்று மட்டும் சொல்லுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. பிஸ்கட்டும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். ஏறிய பிறகு அடுத்த சாப்பாடு தூரம் என்றால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ கொடுங்கள். விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். குளுக்ககான் ஊசி எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்டு, போடும் முறையைக் கற்றுக்கொண்டு, அதை வீட்டில் வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வெறும் எச்பிஏ1சி சீட்டோடு போகாதீர்கள். ஒரு தாளில் ஐந்து நாள் தூக்க நடுவில் எடுத்த எண்கள், அந்த நாள் எந்த ஷிப்ட், படுக்கும்போது எவ்வளவு, எத்தனை யூனிட், எந்த இடத்தில் ஊசி என்று எழுதிக்கொண்டு போங்கள். "இவருக்கு சுகர் இறங்குவது தெரிவதில்லை, கொஞ்ச வாரம் இறங்காமல் வைக்க வேண்டும், எந்த இன்சுலினை எவ்வளவு குறைக்கலாம்?" என்று நேரடியாகக் கேளுங்கள். குறைக்கும்போது ஒரு எச்சரிக்கை: டைப் 1இல் இன்சுலினை முழுதாக நிறுத்தவே கூடாது. இறங்கிவிடுமோ என்ற பயத்தில் ஊசியை விட்டுவிட்டு, இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஐசியுவில் படுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுங்கள். முதல் முறை அவருக்கு ஏதோ தெரியும்போது, உதடோ விரலோ பசியோ, என்ன தெரிந்தது, அப்போது மிஷின் என்ன காட்டியது என்று தேதியோடு எழுதட்டும். 48இல் தெரிந்தது, அப்புறம் 55, அப்புறம் 62 என்று அந்த எண் மேலே ஏறிக்கொண்டே வர வேண்டும். அது 60ஐத் தாண்டி நின்ற பிறகுதான், சுகரைத் திரும்ப எவ்வளவு இறுக்கிப் பிடிக்கலாம் என்ற பேச்சையே டாக்டரிடம் எடுக்க வேண்டும்.